4 ஜிபி தாண்டிய வீடியோ, பழைய பென்டிரைவ்: ஃபார்மட் மாற்றுவதா, வெட்டுவதா, சுருக்குவதா?

பென்டிரைவில் 14 ஜிபி காலியாக இருக்கிறது, போட வேண்டிய வீடியோ 9.6 ஜிபிதான். ஆனாலும் இழுத்துப் போட்டதும் விண்டோஸ் `too large for the destination file system` என்று சொல்லி நின்றுவிடுகிறது. இதைப் பார்த்தவுடன் பலரும் பென்டிரைவில் இருக்கிற பழைய போட்டோக்களை அழித்து இடம் பண்ண ஆரம்பிக்கிறார்கள். தயவுசெய்து எதையும் அழிக்காதீர்கள், மொத்த டிரைவையும் காலி செய்தாலும் இந்த வீடியோ உள்ளே போகாது. இடம் போதவில்லை என்பது இங்கே பிரச்சினையே கிடையாது.

டிரைவ் FAT32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கிறது, அதுதான் காரணம். இந்த முறையில் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சின்னக் குறிப்பு டிரைவிலேயே எழுதி வைக்கப்படும்: பெயர், தேதி, ஃபைல் எங்கே ஆரம்பிக்கிறது, எவ்வளவு பெரியது. அந்தக் கடைசி விவரத்துக்கு ஒதுக்கியிருப்பது 32 பிட். 32 பிட்டில் எழுத முடிகிற மிகப்பெரிய எண் 4,294,967,295. அத்தனை பைட் வரை ஃபைல் இருக்கலாம், அதற்கு மேல் ஒரு பைட் கூடினாலும் அளவை எழுத இடமில்லை. FAT32 வந்தது 1996-ல், விண்டோஸ் 95-ன் பிந்தைய பதிப்போடு. அன்றைக்கு ஒரே ஃபைல் 4 ஜிபி என்பது யாரும் கவலைப்படத் தேவையில்லாத அளவு.

முதலில் ஃபைலின் அளவைச் சரியாகப் பாருங்கள், ஏனென்றால் சில சமயம் ஒன்றுமே செய்யத் தேவையிருக்காது. மேக்கில் 4.2 ஜிபி என்று காட்டும் ஃபைல் FAT32-வில் தாராளமாகப் போகும், ஏனென்றால் மேக் ஒரு ஜிபியை நூறு கோடி பைட்டாகக் கணக்குப் போடுகிறது, எல்லையோ 429 கோடிக்குச் சற்று மேலே இருக்கிறது. விண்டோஸ் ஜிபியை 1024-ன் பெருக்கலில் எண்ணுவதால் அங்கே எல்லை கிட்டத்தட்ட சரியாக 4.00 என்று தெரியும். ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து Properties திறந்தால் அடைப்புக்குறிக்குள் முழு பைட் எண்ணிக்கை இருக்கும், அதைப் பார்ப்பதுதான் நல்லது.

லினக்ஸ் டெர்மினலில் காப்பி செய்கிறவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. விண்டோஸ் ஆரம்பத்திலேயே மறுத்துவிடும். `cp` கட்டளையோ நல்ல பிள்ளையாக எழுதிக்கொண்டே போய், எல்லையைத் தொட்டதும் `File too large` என்று நிற்கும். டிரைவில் பாதி ஃபைல் தங்கிவிடும், பெயரும் ஐகானும் முழு ஃபைல் மாதிரியே இருக்கும். அதன் அளவு 4,294,967,295-ஐ ஒட்டி இருந்தால் அது அறுந்துபோன காப்பி என்று உடனே புரிந்துகொள்ளலாம். எம்பி4 ஆக இருந்தால் பல நேரம் அது திறக்கவே திறக்காது, ஏனென்றால் கேமராக்கள் பெரும்பாலும் உள்ளடக்க அட்டவணையை ஃபைலின் கடைசியில்தான் எழுதும், அந்தக் கடைசிதான் வந்து சேரவில்லையே.

சரி, என்ன செய்யலாம்? ஒரு உதாரணத்தை வைத்தே முழுக்கப் பேசுகிறேன். மேடை நடன நிகழ்ச்சி ஒன்றின் பதிவு, 2 மணி 10 நிமிடம், முழு எச்டி, எம்பி4, அளவு 960 கோடி பைட். டிரைவ் 16 ஜிபி, பழையது, FAT32. நான் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எந்த மென்பொருள் நல்லது" என்பதில்லை. இந்த டிரைவைக் கடைசியில் எதில் செருகப் போகிறீர்கள்? கணினியிலா, டிவியிலா? இதற்குப் பதில் தெரிந்தால் பாதி வழிகள் தாமாகவே கழிந்துவிடும்.

ஃபார்மட்டை மாற்றுவது

டிரைவ் உங்களுடையது, போகிற இடம் கணினி என்றால் யோசிக்கவே வேண்டாம், exFAT-க்கு மாற்றிவிடுங்கள். என் கணிப்பில் பத்தில் எட்டுப் பேருக்கு இதுதான் சரியான பதில், மற்ற வழிகளெல்லாம் இது முடியாதபோது வருபவை. மைக்ரோசாஃப்ட் இதை 2006-ல் கொண்டுவந்தது, ஃபிளாஷ் நினைவகங்களை மனதில் வைத்தே செய்தது. ஃபைல் அளவுக்கு 32 பிட்டுக்குப் பதில் 64 பிட் ஒதுக்கியிருக்கிறார்கள், ஆகவே எந்த வீடியோவும் அதன் எல்லையை எட்டப் போவதில்லை. விண்டோஸ் விஸ்டாவின் முதல் சர்வீஸ் பேக் முதல் இன்றுவரை எல்லா விண்டோஸும் படிக்கும், எழுதும். மேக்கில் 10.6.5 முதல் உண்டு. லினக்ஸ் கெர்னலில் 5.4-ல் முதலில் வந்தது, 5.7-ல் நல்ல டிரைவர் வந்தது. அதைவிடப் பழைய லினக்ஸ் என்றால் தனியாக ஒரு பேக்கேஜ் போட வேண்டியிருக்கும்.

செய்வது சுலபம். டிரைவில் இருப்பதை எல்லாம் கணினிக்கு எடுத்து வையுங்கள், ஏனென்றால் ஃபார்மட் செய்தால் எல்லாம் போய்விடும், FAT32-விலிருந்து exFAT-க்கு அழிக்காமல் மாற்றும் வழி விண்டோஸில் கிடையாது. அப்புறம் டிரைவின் மேல் ரைட் கிளிக், Format, File system என்ற இடத்தில் exFAT, Allocation unit size என்பதைத் தொடாமல் விட்டுவிட்டு Quick Format டிக் இருக்கிறதா என்று பார்த்து Start. சில நொடிகளில் முடிந்துவிடும்.

மேக்கில் செய்கிறவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். Disk Utility-யில் முழு டிரைவையும் தேர்ந்தெடுத்து Erase கொடுத்தால் Format-க்குக் கீழே Scheme என்று ஒன்று கேட்கும். அதில் GUID Partition Map இருந்தால் கணினிகளுக்குப் பிரச்சினையில்லை, ஆனால் பல டிவிகளும் பழைய பிளேயர்களும் அப்படிப்பட்ட டிரைவைக் கண்டுகொள்வதே இல்லை. Master Boot Record என்று மாற்றுங்கள். exFAT ஆதரிக்கும் என்று எழுதியிருக்கிற டிவி உங்கள் exFAT டிரைவைப் படிக்க மறுத்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

exFAT-இல் எனக்கு இருக்கிற ஒரே மனக்குறை, டிரைவைப் பட்டென்று பிடுங்கினால் அது தாங்காது. எந்தத் துண்டு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை FAT32 இரண்டு பிரதி வைத்திருக்கும், exFAT சாதாரணமாக ஒன்றுதான் வைத்திருக்கும், எழுதப் போவதை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னலும் கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது இழுத்தால் நிறைய ஃபைல்கள் ஒரே அடியில் கெட்டுப்போகலாம். Eject கொடுத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

NTFS இன்னொரு வாய்ப்பு. இதன் பெரிய சாதகம், ஃபார்மட் செய்யாமலே மாற்றலாம் என்பது. டிரைவில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது, எடுத்து வைக்க வேறு இடமில்லை என்றால் இது கைகொடுக்கும். டிரைவ் எழுத்து E என்றால் அட்மின் உரிமையோடு திறந்த கமாண்ட் பிராம்ப்ட்டில்:

```
convert E: /fs:ntfs
```

டிரைவுக்குப் பெயர் இருந்தால் அதைத் தட்டச்சு செய்யச் சொல்லிக் கேட்கும், கொடுத்தால் வேலை ஆரம்பிக்கும். உள்ளே இருக்கும் ஃபைல்கள் அப்படியே இருக்கும். ஆனால் இது ஒருவழிப் பாதை, மறுபடி FAT32 வேண்டுமென்றால் ஃபார்மட்தான். நடுவில் மின்சாரம் போனால் என்ன ஆகும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள், இழக்கவே முடியாத ஃபைல் ஏதாவது அதில் இருந்தால் அதையாவது வேறெங்காவது காப்பி எடுத்துவிட்டுச் செய்யுங்கள். மேக் NTFS டிரைவைப் படிக்கும், தானாக அதில் எழுதாது. போன்களிலும் இதை நம்ப முடியாது. விண்டோஸ் கணினிகளுக்குள் மட்டும் சுற்றப் போகிற டிரைவ் என்றால் NTFS-க்கு எந்தக் குறையும் இல்லை.

டிவி விஷயத்தில் மட்டும் கதை மாறுகிறது. exFAT காப்புரிமை மைக்ரோசாஃப்ட்டிடம் இருந்தது, அதன் விவரக்குறிப்பை அவர்கள் பொதுவில் வெளியிட்டதே 2019-ல்தான். அதுவரை உரிமம் வாங்கித்தான் சேர்க்க வேண்டும் என்பதால் பழைய டிவிகள் பலவற்றில் அது இருக்காது. விசித்திரம் என்னவென்றால், exFAT தெரியாத டிவி சிலவற்றுக்கு NTFS படிக்கத் தெரியும். டிவி கையேட்டில் யுஎஸ்பி பகுதியில் எந்தெந்த முறைகள் என்று எழுதியிருக்கும், பார்த்துவிடுங்கள். கையேடு இல்லையா, கேமராவில் போடுகிற 64 ஜிபி மெமரி கார்டு ஒன்றை ரீடரில் வைத்து டிவியில் செருகிப் பாருங்கள். 32 ஜிபிக்கு மேற்பட்ட அந்த வகைக் கார்டுகள் தொழிற்சாலையிலிருந்தே exFAT ஆகத்தான் வரும், எனவே உங்கள் டிரைவைத் தொடாமலே சோதனை முடிந்துவிடும். கார்டில் இருப்பவை டிவியில் தெரிந்தால் டிரைவை exFAT ஆக்கிவிடலாம்.

வீடியோவையே வெட்டுவது

டிவிக்கு FAT32 மட்டும்தான் தெரியும் என்றால் நான் போகிற வழி இது. வெட்டுவது என்றதும் தரம் குறையும் என்று பயப்படுகிறார்கள். குறையாது, ஏனென்றால் படத்தை மறுபடி என்கோடு செய்யப் போவதில்லை, இருக்கிற தரவை அப்படியே எடுத்துத் தனித்தனி ஃபைல்களில் வைக்கிறோம், அவ்வளவுதான். 9.6 ஜிபி ஃபைலுக்கும் சில நிமிடம்தான் ஆகும், அதுவும் ஹார்டு டிஸ்க் படித்து எழுதுகிற நேரம். FAT32 கார்டில் பதிவு செய்கிற கேமராக்கள் நீண்ட பதிவைத் தாங்களே 4 ஜிபி துண்டுகளாகப் போட்டுக்கொண்டு போவதும் இதே காரணத்துக்காகத்தான்.

நம் உதாரணத்தில் கணக்கு இப்படி வருகிறது. 2 மணி 10 நிமிடம் என்றால் 7800 நொடி. 960 கோடி பைட்டை அதால் வகுத்தால் நொடிக்கு ஏறத்தாழ 12.3 லட்சம் பைட். அந்த வேகத்தில் 4 ஜிபி எல்லையைத் தொட சுமார் 58 நிமிடம் ஆகும். இரண்டாக வெட்டினால் ஒவ்வொன்றும் 65 நிமிடம், போகாது. மூன்றாக வெட்டினால் ஒவ்வொன்றும் 43 நிமிடம் சொச்சம், 3.2 ஜிபி, வசதியாகப் போகும். எஃப்எஃப்எம்பெக் கருவி கணினியில் இருந்தால் ஒரே வரி:

```
ffmpeg -i natanam.mp4 -map 0:v -map 0:a -c copy -f segment -segment_time 2610 -reset_timestamps 1 natanam_%02d.mp4
```

மூன்றில் ஒரு பங்கு சரியாக 2600 நொடிதான், 10 நொடி கூடக் கொடுத்திருக்கிறேன். வீடியோ 7800 நொடிக்கு ஒரு துளி அதிகமாக இருந்தால் நான்காவதாக ஒரு குட்டி ஃபைல் உருவாகிவிடும், அதைத் தவிர்க்கத்தான். `-c copy` என்பதுதான் இங்கே உயிர், அது விட்டுப்போனால் மறு என்கோடு ஆரம்பித்துவிடும். வேலை ஓடும்போது வேகம் என்று காட்டும் எண் பத்து, இருபது மடங்கு என்றில்லாமல் ஒன்று, இரண்டு என்று ஊர்ந்தால் அதை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஆனால் நேரத்தைச் சமமாகப் பிரிப்பது எனக்குப் பிடிப்பதில்லை. ஆடிக்கொண்டிருக்கும்போது நடுவில் படம் அறுந்து, அடுத்த ஃபைல் ஆரம்பிக்க டிவி இரண்டு மூன்று நொடி எடுத்துக்கொண்டால் பார்க்கிறவருக்கு எரிச்சலாக இருக்கும். அதனால் வீடியோவை ஒருமுறை ஓட்டி, 43-வது நிமிடத்துக்கும் 86-வது நிமிடத்துக்கும் பக்கத்தில் ஒரு நடனம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியைக் கண்டுபிடியுங்கள். அது 42 நிமிடம் 25 நொடியிலும் 86 நிமிடம் 30 நொடியிலும் இருக்கிறது என்றால், `-segment_time 2610` என்பதற்குப் பதில் `-segment_times 2545,5190` என்று கொடுத்தால் போதும். வெட்டு நீங்கள் சொன்ன நொடியிலேயே விழாது, அதற்கு அடுத்து வரும் கீஃபிரேமில் விழும், அதாவது முந்தைய படத்தைச் சாராமல் தனியாக நிற்கிற முழுப்படத்தில். ஓரிரு நொடி தள்ளிப் போகலாம், அதனால் இடைவெளியின் தொடக்கத்தைக் கொடுப்பது நல்லது.

வெட்டி முடித்ததும் மூன்று ஃபைல்களின் அளவையும் பாருங்கள். நேரம் சமமாக இருந்தாலும் அளவு சமமாக இருக்க வேண்டியதில்லை, வேகமான அசைவு நிறைந்த பகுதிக்கு அதிக பைட் செலவாகும். எதாவது ஒன்று 4 ஜிபியைத் தாண்டியிருந்தால் அந்தத் துண்டு சிறிதாகும்படி வெட்டும் நேரத்தை மாற்றி மறுபடி ஓட்டுங்கள்.

கட்டளை வரி வேண்டாம் என்கிறவர்களுக்கு எம்கேவி டூல்நிக்ஸ் இருக்கிறது, அதில் அளவைக் கொடுத்தே வெட்டச் சொல்லலாம், 3900M என்று போட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும். ஒரே ஒரு தொல்லை, அது எம்கேவியாக மட்டுமே எழுதும். உங்கள் பழைய டிவிக்கு எம்கேவி படிக்கத் தெரியுமா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

துண்டாக்கிக் கொண்டுபோய் ஒட்டுவது

இதையும் மேலே சொன்னதையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அங்கே ஒவ்வொரு துண்டும் தனியாக ஓடுகிற வீடியோ. இங்கே துண்டுகள் வெறும் தரவு, ஒட்டும்வரை எதற்கும் ஆகாது. எனவே டிவிக்கு இந்த வழி கிடையாது. டிரைவ் இன்னொருவருடையது, ஃபார்மட் செய்ய உரிமையில்லை, போகிற இடம் கணினி, அங்கே ஒரிஜினல் ஃபைல் ஒரு பைட் மாறாமல் போய்ச் சேர வேண்டும், உதாரணமாக எடிட் செய்யப் போகிறவரிடம் கொடுக்கிறீர்கள் என்றால் இதுதான் சரி.

செவன்-ஜிப் மென்பொருள் இருந்தால் ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து Add to archive திறங்கள். Split to volumes, bytes என்ற பெட்டியை விரித்தால் `4092M - FAT` என்று ஒரு வரி தயாராக இருக்கும், இந்தச் சிக்கலுக்கென்றே வைத்தது. Compression level என்பதில் Store தேர்ந்தெடுங்கள். இது முக்கியம், ஏனென்றால் வீடியோ ஏற்கெனவே நன்றாகச் சுருக்கப்பட்ட ஒன்று, அதை மறுபடி ஜிப்பில் அழுத்தினால் மிஞ்சிப்போனால் ஓரிரு சதவீதம் குறையும், அதற்காக வெகுநேரம் காத்திருக்க வேண்டும். "ஜிப் பண்ணினால் 4 ஜிபிக்குள் வந்துவிடுமா" என்ற கேள்விக்கும் இதுவே பதில், வராது.

நம் ஃபைலுக்கு மூன்று துண்டு வரும்: `natanam.7z.001`, `002` இரண்டும் 4 ஜிபிக்குச் சற்றுக் குறைவாகவும் `003` சுமார் ஒரு ஜிபியாகவும் இருக்கும். வாங்கிக்கொள்கிறவர் மூன்றையும் தன் கணினியில் ஒரே ஃபோல்டரில் போட்டு 001-ஐ மட்டும் திறந்து Extract கொடுத்தால் போதும். அவருடைய டிஸ்க்கில் துண்டுகளுக்கும் ஒட்டிய ஃபைலுக்குமாகச் சேர்த்து 20 ஜிபி காலி இருப்பது வசதி, டிரைவிலிருந்து நேரடியாகப் பிரித்தால் 10 ஜிபி போதும். டிரைவிலேயே பிரிக்கச் சொன்னால் மட்டும் நடக்காது, அங்கே அதே 4 ஜிபி தடை மறுபடி குறுக்கே நிற்கும்.

இரண்டு பக்கமும் லினக்ஸோ மேக்கோ என்றால் எதையும் நிறுவத் தேவையில்லை, முதல் வரி வெட்டுகிற உங்கள் கணினியில், இரண்டாவது வரி வாங்கிக்கொள்கிறவர் கணினியில்:

```
split -b 4000m natanam.mp4 natanam.part.
cat natanam.part.* > natanam.mp4
```

சுருக்குவது

கடைசி வழி, மனதில்லாமல்தான் சொல்கிறேன். ஒரே ஃபைலாகவும் இருக்க வேண்டும், டிவியும் FAT32 மட்டும்தான் படிக்கும் என்றால் வேறு வழியில்லை, மறு என்கோடு செய்ய வேண்டும். கொஞ்சம் இடம்விட்டு 400 கோடி பைட் என்று இலக்கு வைப்போம். அதை எட்டால் பெருக்கி 7800 நொடியால் வகுத்தால் நொடிக்கு சுமார் 4100 கிலோபிட் கிடைக்கும். ஒலிக்கு 192 ஒதுக்கிவிட்டு, படத்துக்கு 3800 வைத்துக்கொள்ளலாம். ஒரிஜினலில் மொத்தம் 9800-க்கு மேல் இருந்தது. பாதிக்கும் கீழே போகிறோம்.

உட்கார்ந்து பேசுகிற காட்சி என்றால் முழு எச்டியில் இந்த அளவே கண்ணுக்கு நன்றாக இருக்கும். நடனத்துக்கு அப்படி இல்லை. வேகமாகச் சுழலும்போது உடையின் ஓரத்தில் கட்டம் கட்டமாகத் தெரியும், மேடைப் பின்னணியின் இருட்டில் பட்டை பட்டையாகப் படியும். எச்265 என்ற புதிய சுருக்கும் முறையைப் போட்டால் இதே அளவில் படம் நன்றாக வரும்தான், ஆனால் exFAT தெரியாத வயதுடைய டிவிக்கு எச்265 தெரிந்திருக்க வாய்ப்பு மிகவும் குறைவு. அதனால் பழைய எச்264-லேயே, அளவு துல்லியமாக வர இரண்டு சுற்று முறையில் செய்யுங்கள். ஹேண்ட்பிரேக் மென்பொருளில் சராசரி பிட்ரேட் 3800 கொடுத்து, இரண்டு சுற்று என்பதை டிக் செய்தால் முடிந்தது. வேகம் குறைந்த கணினியில் பல மணி நேரம் பிடிக்கும். ஒரிஜினலை எந்தக் காரணத்துக்காகவும் அழித்துவிடாதீர்கள், சுருக்கியதிலிருந்து பழைய தரத்தை மீட்க முடியாது.

எந்த வழியில் போனாலும், டிரைவ் பழையது என்பதால் காப்பி ஆனதும் ஒருமுறை சரிபார்த்துவிடுவது அவசியம். நொடிக்கு 8 எம்பி எழுதுகிற பழைய டிரைவில் 9.6 ஜிபி போக 20 நிமிடம் ஆகும், ஆனால் திரையில் 100 சதவீதம் என்று வந்த பிறகும் கணினி பின்னால் எழுதிக்கொண்டிருக்கலாம், லினக்ஸில் இது அடிக்கடி நடக்கும். Eject கொடுத்து அது முடிந்தது என்று சொல்லும்வரை காத்திருந்து, டிரைவைக் கழற்றி மறுபடி செருகி, இரண்டு பக்கத்து ஃபைலுக்கும் ஹாஷ் எடுங்கள், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை மாதிரியான எண். கழற்றாமல் எடுத்தால் டிரைவிலிருந்து படிக்காமல் கணினியின் நினைவில் இருக்கும் பிரதியையே படித்துவிட்டு "சரி" என்று சொல்லிவிட வாய்ப்புண்டு.

```
certutil -hashfile E:\natanam.mp4 SHA256
```

இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தால் கொண்டுபோய்க் கொடுக்கலாம். வேறுபட்டால் இன்னொருமுறை காப்பி செய்து பாருங்கள், மறுபடியும் வேறுபட்டால் பெரும்பாலும் அந்த டிரைவின் நினைவகமே தேய்ந்துவிட்டது, அப்படியென்றால் அதை எந்த முறையில் ஃபார்மட் செய்தாலும் சரியாகாது.